ப்ளூடூத் ஸ்பீக்கருக்கு பொய் இல்லாத டிஸ்கிரிப்ஷன் எழுதுறது எப்படி? (முதல் தடவை எழுதுறவங்களுக்கு)

ஆன்லைன்ல ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர விக்கப் போறீங்க, இல்ல ரிவ்யூ எழுதப் போறீங்கன்னு வைங்க. பெட்டி மேல "20 வாட், 12 மணி நேரம், ஐபிஎக்ஸ்7, ப்ளூடூத் 5.3"ன்னு போட்ருக்கும். அத அப்படியே காப்பி பண்ணி ஒட்டுறதுதான் முக்காவாசி பேர் பண்றது, அப்புறம் வாங்கினவர் "12 மணி நேரம்னு சொன்னீங்க, 3 மணி நேரத்துல செத்துப்போச்சு"ன்னு ரிட்டர்ன் போடுவார். இத்தனைக்கும் பெட்டில இருக்கற எந்த நம்பரும் பொய்யா இருக்கணும்னு அவசியமில்ல, எந்த கண்டிஷன்ல அந்த நம்பர் வந்துச்சுன்னு மட்டும் சொல்லாம விட்ருப்பாங்க. அந்த கண்டிஷன கண்டுபிடிச்சு பக்கத்துல எழுதுறதுதான் நம்ம வேலை. மேல சொன்ன நம்பரோட ஒரு கற்பனை ஸ்பீக்கரையே உதாரணமா வச்சு போவோம், ஒரே செல் பேட்டரி, 2600 எம்ஏஹெச்.

ஸ்டெப் 1: பெட்டியில இருக்கற நம்பர ஒன்னோட ஒன்னு மோத விடுங்க

ஸ்பீக்கர ஆன் பண்றதுக்கு முன்னாடியே ஒரு சின்ன கணக்கு போட்ரலாம். இந்த மாதிரி ஸ்பீக்கர்ல இருக்கற லித்தியம் பேட்டரி ஒரு செல்லுக்கு சராசரியா 3.7 வோல்ட். 2600 எம்ஏஹெச்ச 3.7ஆல பெருக்கி 1000ஆல வகுத்தா சுமார் 9.6 வாட்-ஹவர். மொத்த பேட்டரில இருக்கற சக்தியே இவ்வளவுதான்.

இப்போ 20 வாட்ட நிஜமாவே தொடர்ந்து எடுத்தா 9.6ஐ 20ஆல வகுக்கணும், அரை மணி நேரம் கூட வராது. திருப்பிப் போடுங்க, 12 மணி நேரம் ஓடணும்னா 9.6ஐ 12ஆல வகுத்தா 0.8 வாட், அதாவது சராசரியா ஒரு வாட் கூட செலவாகாத சவுண்டுல வச்சாதான் 12 மணி நேரம் வரும். ஆக பெட்டியில பெருசா அச்சடிச்ச ரெண்டு நம்பரும் ஒரே நேரத்துல நடக்கவே நடக்காது. பாட்டுல சத்தம் ஏறி ஏறி இறங்கும்ங்கறதால ஃபுல் வால்யூம்லயும் சராசரி செலவு 20 வாட்டுக்கு ரொம்ப கீழதான் இருக்கும், அதனால நிஜத்துல அரை மணி நேரத்துல அணையாது, ஆனா 12 மணி நேரம் பக்கத்துலயும் வராது.

ஸ்டெப் 2: சத்தம்

வாட்ங்கறது ஆம்ப்ளிஃபயர் ஸ்பீக்கருக்கு தர்ற கரண்ட் சக்தி, நம்ம காதுக்கு வர்ற சத்தம் இல்ல. 10 வாட்ட 20 வாட் ஆக்கினா கூடுறது வெறும் 3 டெசிபல், "கொஞ்சம் கூடிருக்கோ"ன்னு தோணுற அளவுதான். ரெண்டு மடங்கு சத்தமா கேக்குதுன்னு காதுக்கு தோணணும்னா சுமார் 10 டெசிபல் ஏறணும், அதுக்கு பவர் 10 மடங்கு வேணும். அதனால "20 வாட், அதனால 10 வாட் ஸ்பீக்கர விட டபுள் சவுண்டு"ன்னு மட்டும் எழுதிராதீங்க. ஒரு கண நேர உச்சத்த ஊதிப் பெருசாக்கி பிஎம்பிஓன்னு ஒரு பெரிய நம்பர் போட்ருந்தா அத கண்டுக்காம, தொடர்ந்து தர்ற சக்திய சொல்ற ஆர்எம்எஸ் வாட் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா வாட்ட விட்ருங்க.

டெஸ்ட் பண்றதுக்கு முன்னாடி ஒரு விஷயம். சில ஸ்பீக்கர்ல ஃபோன் வால்யூமும் ஸ்பீக்கர் வால்யூமும் ஒன்னாவே நகரும், சிலதுல தனித்தனி. ஸ்பீக்கர் பட்டன அமுக்கறப்போ ஃபோன் ஸ்க்ரீன்ல வால்யூம் கோடு நகருதான்னு பாருங்க. நகரலன்னா ஃபோன ஃபுல்லா வச்சுட்டு ஸ்பீக்கர்ல மட்டும் ஏத்தி இறக்குங்க, இல்லன்னா நீங்க சொல்ற "50 சதவீதம்" வேற எவருக்கும் 50 சதவீதமா இருக்காது.

அப்புறம் ஸ்பீக்கர மேஜைல வச்சு, ஒரு மீட்டர் தள்ளி ஃபோன்ல சவுண்ட் மீட்டர் ஆப்ப ஓட விட்டு, உங்களுக்கு நல்லா பழகின பாட்டுல பேஸ் நல்லா வர்ற ஒரு பகுதிய 50, 80, 100 சதவீதம்னு மூணு வால்யூம்ல போட்டு கேளுங்க. ஃபோன் ஆப் காட்டுற டெசிபல அப்படியே எழுதாதீங்க, மைக்கு மைக்கு மாறும், சில டெசிபல் சும்மாவே தப்பா காட்டும். ஒரே ஃபோன், ஒரே இடம்னு வச்சு "80ல இருந்து 100க்கு எவ்வளவு ஏறுது"ன்னு ஒப்பிட மட்டும் வச்சுக்கோங்க.

நம்ம முக்கியமா தேடுறது எங்க சத்தம் உடையுதுங்கறதுதான். சின்ன ஸ்பீக்கர் ஃபுல் வால்யூம் போறப்போ கோன் கிழிஞ்சிரக்கூடாதுன்னு உள்ள இருக்கற சிப்பே பேஸ குறைச்சிரும். அப்போ பாட்டு சத்தமா இருக்கும் ஆனா டொம்முன்னு அடிச்ச டிரம் டப்புன்னு காய்ஞ்சு கேக்கும், பாடறவங்க குரல் மட்டும் முன்னாடி வந்து கீச்சுன்னு குத்தும். நம்ம உதாரண ஸ்பீக்கர்ல இது 80க்கு மேல ஆரம்பிக்குது, 80ல இருந்து 100க்கு போனா மீட்டர்ல 3 டெசிபல்தான் கூடுதுன்னு வைங்க. அப்போ எழுத வேண்டியது: "80 சதவீதம் வரைக்கும் சுத்தமா கேக்கும், அதுக்கு மேல சத்தம் கொஞ்சம் கூடும், பேஸ் காணாம போகும்." வெட்டவெளில தூரம் டபுள் ஆக ஆக 6 டெசிபல் குறைஞ்சிட்டே போகும், சுவத்துல பட்டு திரும்பி வர்ற சத்தமும் அங்க கிடையாது, அதனால ரூமுக்குள்ள போதுமா இருக்கறது மொட்டைமாடில பத்தாதுன்னும் ஒரு வரி சேத்துருங்க.

ஸ்டெப் 3: பேட்டரி

முழுசா சார்ஜ் ஏத்தி, வயர புடுங்கிட்டு, ஒரு வால்யூம்ல வச்சு அணையிற வரைக்கும் ஓட விடணும். பக்கத்துல உக்காந்து காவல் காக்க வேணாம், ஒரு குறுக்கு வழி இருக்கு. ரொம்ப நீளமான ஒரே ஆடியோ ஃபைல ஃபோன்ல போட்டு ப்ளே பண்ணுங்க. ஸ்பீக்கர் செத்து ப்ளூடூத் கட் ஆனதும் பெரும்பாலான ஃபோன்ல ப்ளேயர் தானா பாஸ் ஆயிரும், எந்த நிமிஷத்துல நின்னுருக்கோ அதான் பேட்டரி நேரம். நடுவுல கால் வந்து கெடுக்காம இருக்க ஏரோப்ளேன் மோட் போட்டுட்டு ப்ளூடூத்த மட்டும் ஆன் பண்ணிக்கோங்க, ஃபோன சார்ஜ்லயே விட்ருங்க. கலர் லைட் இருந்தா ஆஃப் பண்ணி ஒரு தடவை, ஆன் பண்ணி ஒரு தடவை பாருங்க, லைட்டும் அதே பேட்டரியதான் சாப்டுது.

நம்ம ஸ்பீக்கருக்கு 50ல 10 மணி 40 நிமிஷம், 80ல ஐந்தரை மணி, 100ல 3 மணி வந்துச்சுன்னு வைங்க. 9.6ஐ 3ஆல வகுத்தா 3.2 வாட், ஸ்டெப் 1ல பாத்த மாதிரி 20 வாட் பக்கத்துலயே இல்ல, அதனால இந்த ரிசல்ட் நம்பற மாதிரிதான் இருக்கு. ஃபுல் வால்யூம்ல 12 மணி நேரம் வந்துச்சுன்னா தான் எங்கயோ சத்தம் தானா குறைஞ்சிருக்குன்னு சந்தேகப்படணும், சில மாடல் சார்ஜ் கம்மியானதும் சத்தத்த சத்தமில்லாம இறக்கிரும். கடைசி அரை மணி நேரம் மட்டும் காது குடுத்து பாருங்க.

ஸ்டெப் 4: தண்ணி

இதுல நீங்களா டெஸ்ட் பண்ணாதீங்க. வாளில முக்கி வீடியோ எடுத்து போடறதுல்லாம் எதையும் நிரூபிக்காது, ரப்பர் மூடி சரியா மூடலன்னா ஸ்பீக்கர் போயிரும், அவ்வளவுதான். ரேட்டிங்க படிக்கத் தெரிஞ்சா போதும்.

ஐபி ரேட்டிங் ஐஇசி 60529ங்கற ஸ்டாண்டர்டுல இருந்து வருது. முதல் இடம் தூசிக்கு, ரெண்டாவது தண்ணிக்கு. எக்ஸ்னு இருந்தா அந்த டெஸ்டுக்கு ரேட்டிங் சொல்லலன்னு அர்த்தம், ஐபிஎக்ஸ்7னு பாத்துட்டு "தூசியும் போகாது"ன்னு எழுதக்கூடாது. ஐபி67 மாதிரி முதல் இடத்துல 6 இருந்தாதான் அத எழுதலாம். தண்ணி நம்பர்ல 4னா எந்த பக்கத்துல இருந்தும் தெறிக்கற தண்ணி, 5னா குழாய்ல பீச்சி அடிக்கற தண்ணி, 7னா ஒரு மீட்டர் ஆழத்துல 30 நிமிஷம் முங்கி இருக்கறது.

இங்கதான் நிறைய பேர் வழுக்கி விழுவாங்க. 7 பெரிய நம்பர், அதனால 5ல இருக்கறதெல்லாம் அதுக்குள்ள அடங்கிரும்னு நினைப்போம், அடங்காது. முங்கி இருக்கறதும் வேகமா பீச்சி அடிக்கறதும் வேற வேற டெஸ்ட், ரெண்டும் பாஸ் ஆயிருந்தா ஐபிஎக்ஸ்5/ஐபிஎக்ஸ்7னு ரெண்டையும் போடுவாங்க. வெறும் 7 மட்டும் இருந்தா "பைப்ப வச்சு அடிச்சு கழுவலாம்"னு சொல்லாதீங்க. டெஸ்ட் நல்ல தண்ணிலதான் நடக்குது, கடல் தண்ணி, குளோரின் போட்ட நீச்சல்குளம், சோப்பு நுரை எதுக்கும் இந்த நம்பர் உத்தரவாதம் இல்ல. முங்கினாலும் கெடாதுங்கறதுக்காக மிதக்கும்னும் அர்த்தமில்ல, தண்ணிக்கு அடியில பாட்டு கேக்கவும் முடியாது, ஏன்னா ப்ளூடூத் சிக்னல தண்ணி விழுங்கிரும். சார்ஜ் போர்ட் காயாம சார்ஜ் போடக்கூடாதுன்னு கண்டிப்பா எழுதுங்க.

பெட்டில வெறும் "வாட்டர்ப்ரூஃப்"னு மட்டும் இருந்து நம்பரே இல்லன்னா "கம்பெனி ரேட்டிங் குறிப்பிடல"ன்னு எழுதிட்டு போயிருங்க, நீங்களா 4ன்னு யூகிக்க வேணாம்.

ஸ்டெப் 5: பேரிங்

ஒரு வார்த்தைக்குள்ள மூணு விஷயம் ஒளிஞ்சிருக்கு: எத்தனை ஃபோன ஞாபகம் வச்சுக்கும், ஒரே நேரத்துல எத்தனை ஃபோன் கனெக்ட் ஆகும், எத்தனை ஸ்பீக்கர சேத்து ஓட்டலாம். "8 டிவைஸ் வரை"ன்னு மேனுவல்ல பாத்தா அது பெரும்பாலும் ஞாபகம் வச்சுக்கற கணக்குதான், 8 பேர் ஒன்னா பாட்டு போடலாம்னு இல்ல.

ரெண்டு ஃபோன எடுத்து முதல்ல ரெண்டையும் தனித்தனியா பேர் பண்ணுங்க. அப்புறம் ஒன்ன கனெக்ட் பண்ணி பாட்டு ஓடறப்போவே ரெண்டாவத கனெக்ட் பண்ணி பாருங்க. ரெண்டும் இருந்தா மல்டிபாயின்ட் இருக்கு. ரெண்டாவது ஏறவே மாட்டேங்குதுன்னா முதல் ஆள் விட்டாதான் அடுத்த ஆள். ரெண்டாவது வந்து முதல் ஃபோன தள்ளி விட்டுச்சுன்னா அதையும் எழுதுங்க, பக்கத்து ரூம்ல இருந்து வேற ஆள் பாட்ட மாத்திரலாம்ல.

ரெண்டு ஸ்பீக்கர வயர் இல்லாம ஜோடியா ஓட்டற டிடபிள்யூஎஸ்னு போட்ருந்தா பொதுவா அதே மாடல் இன்னொன்னு வாங்கினாதான் ஸ்டீரியோவா சேரும், வேற கம்பெனி ஸ்பீக்கரோட சேரும்னு நினைச்சு வாங்கிருவாங்க. ப்ளூடூத் 5.3ங்கறத பாத்து சவுண்டு குவாலிட்டி, மல்டிபாயின்ட், ஒரே ஃபோன்ல இருந்து பல ஸ்பீக்கருக்கு ஒலிபரப்பற ஆராகாஸ்ட்னு எதையும் நீங்களா சேத்துக்காதீங்க, வெர்ஷன் நம்பர் அது எதுக்கும் கேரண்டி கிடையாது.

ஸ்டெப் 6: எல்லாத்தையும் சேத்து எழுதறது

நம்ம உதாரண ஸ்பீக்கருக்கு இப்படி வரும்:

"ஒரு நடுத்தர ரூமுக்கு தாராளமா போதும், திறந்தவெளில பக்கத்துல உக்காந்து கேக்க மட்டும். 80 சதவீத வால்யூம் வரை சுத்தமா இருக்கும், அதுக்கு மேல பேஸ் குறையும். லைட் ஆஃப்ல பேட்டரி: பாதி வால்யூம்ல பத்தரை மணி நேரம், 80ல ஐந்தரை, ஃபுல்லா வச்சா 3 (நாங்க ஓட்டிப் பாத்தது, கம்பெனி சொல்றது 12). ஐபிஎக்ஸ்7: நல்ல தண்ணில விழுந்தா எடுத்து துடைச்சுக்கலாம், ரப்பர் மூடி சரியா மூடியிருக்கணும், பீச்சி அடிச்சு கழுவ, கடலுக்கு, தூசிக்கு ரேட்டிங் இல்ல. ஒரு நேரத்துல ஒரு ஃபோன்தான் கனெக்ட் ஆகும். ரெண்டு ஸ்பீக்கர் சேக்கணும்னா இதே மாடல் இன்னொன்னு வேணும்."

20 வாட்ட வேணும்னா கீழ ஸ்பெக் டேபிள்ல போட்டுக்கோங்க, தலைப்புல வேணாம். நீங்க ஓட்டிப் பாத்த நம்பர், கம்பெனி சொன்ன நம்பர் ரெண்டையும் கலக்காம, எது யாரோடதுன்னு தெரியற மாதிரி வைங்க, கமென்ட்ல ஒருத்தர் சண்டைக்கு வந்தா அந்த அடைப்புக்குறிய காட்டினாலே போதும்.