கூடுதல் விலையை வைத்துப் பெயர் மதிப்பை அளப்பதில் நேரும் தவறுகள்

பிரிக்ஃபீல்ட்ஸ் மளிகைக் கடையில் மீன் கறித்தூள் அடுக்கின் முன் நிற்கும் ஒருவர், இரண்டு பொட்டலங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு விலை கூடியதையே கூடையில் போடுகிறார் என்றால், அவர் தரும் கூடுதல் தொகையில் ஒரு பங்கு தூளுக்கு அன்று, பெயருக்குப் போகிறது. பெயரோடு உள்ள பழக்கம், அதன்மீதான நம்பிக்கை, வீட்டில் அம்மா அதையே வாங்கிவந்த நினைவு ஆகியவை சேர்ந்து வாடிக்கையாளரின் முடிவை மாற்றும் இந்த வலிமையைத்தான் பிராண்ட் ஈக்விட்டி, அதாவது பெயர் மதிப்பு, என்கிறோம். மனத்தில் இருப்பதை நேராக அளக்க முடியாது. கல்லாவுக்கு வந்த கூடுதல் விலையை அளக்க முடியும். அதனால் பலரும் இந்த அளவுகோலை விரும்புகிறார்கள், பலரும் அதைத் தவறாகவே பிடிக்கிறார்கள்.

செந்தூலில் மசாலா மில் வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இங்கே வரும் விலைகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. அவருடைய பொட்டலம் 6 வெள்ளி 50 சென். அதே அடுக்கில் பேரங்காடி தன் சொந்தப் பெயரில் விற்கும் தூள் 4 வெள்ளி 80 சென். “என் பெயருக்கு முப்பத்தைந்து விழுக்காடு கூடுதலாகத் தருகிறார்கள்” என்று அவர் மகிழ்கிறார். ஆனால் அவருடையது 250 கிராம், மற்றது 200 கிராம். நூறு கிராமுக்குக் கணக்கிட்டால் 2 வெள்ளி 60 சென்னுக்கு எதிரே 2 வெள்ளி 40 சென். கூடுதல் விலை எட்டு விழுக்காட்டைச் சற்றே தாண்டுகிறது. எடையைச் சமமாக்காமல் ஒப்பிடுவது முதல் தவறு.

இரண்டாவது தவறு இதைவிட ஆழமானது, ஏனென்றால் அது சொந்தக் கணக்குப் புத்தகத்திலேயே ஒளிந்திருக்கிறது. மில்காரர் ‘இரண்டு பொட்டலம் 11 வெள்ளி’ என்று அடிக்கடி சலுகை போடுகிறார். விற்ற பொட்டலங்களில் பாதி அப்படித்தான் போயின. பாதி 6 வெள்ளி 50 சென்னுக்கும் பாதி 5 வெள்ளி 50 சென்னுக்கும் போனால் சராசரி 6 வெள்ளி, அதாவது நூறு கிராமுக்கு 2 வெள்ளி 40 சென். பேரங்காடியின் தூளுக்கும் அதே விலைதான்! ஒட்டியிருந்த விலைச்சீட்டில் தெரிந்த கூடுதல் விலை, வாடிக்கையாளர் உண்மையில் கொடுத்த விலையில் இல்லாமற்போயிற்று. (அந்தப் பேரங்காடியும் சலுகை போட்டிருந்தால் அதன் சராசரியையும் இதே முறையில் எடுக்க வேண்டும்.) சலுகை நாள்களில் மட்டும் விற்பனை எகிறி, மற்ற நாள்களில் படுத்துவிடுகிறது என்றால், பெயரைவிடத் தள்ளுபடியே வாடிக்கையாளரை இழுக்கிறது என்று கொள்ளலாம்.

எஞ்சும் வித்தியாசம் முழுவதையும் பெயரின் கணக்கில் எழுதிவிடுவதும் பிழையே. ஒருவர் நல்ல மல்லியும் மிளகாயும் மட்டும் போட்டு அரைக்க, இன்னொருவர் அரிசி மாவைக் கலந்திருந்தால், விலை வித்தியாசத்தில் ஒரு பகுதி சரக்கின் தரத்தினால் வருவது. இரண்டு தூளிலும் ஒரே மீன், ஒரே புளி, ஒரே உப்பளவு வைத்துக் குழம்பு கொதிக்கவிட்டு, எது எது என்று சொல்லாமல் வழக்கமான வாடிக்கையாளர்கள் சிலரைச் சுவைக்கச் செய்தால் ஓரளவு தெளிவு கிடைக்கும். அவர்களால் வேறுபாடு காண முடியாமல், பொட்டலத்தைக் காட்டியதும் மட்டும் ஒன்றை விரும்பினால், அந்த விருப்பம் பெயரால் வந்தது. இடத்தின் விலையும் இப்படித்தான்: அதே பொட்டலம் விமான நிலையக் கடையில் கூடுதலாக விற்றால், அதைப் பெயரின் வெற்றியாக எண்ணக்கூடாது.

கூடுதல் விலை இல்லையென்றால் பெயர் மதிப்பும் இல்லை என்று முடிவு செய்வோரும் உண்டு. அரசு 1 கிலோ பொட்டலச் சமையல் எண்ணெயை 2 வெள்ளி 50 சென்னுக்குக் கட்டுப்படுத்தியிருக்கும்போது, அதில் எந்தப் பெயரும் கூடுதல் விலை காட்ட வழியில்லை. கட்டுப்பாடு இல்லாத பொருளிலும் வலுவான பெயர் விலையை உயர்த்தாமல் எண்ணிக்கையைப் பெருக்கிக்கொள்ளலாம். ஒரே அடுக்கில், நூறு கிராமுக்கு ஒரே விலையில், ஒன்று மாதம் 100 கிலோவும் மற்றது 40 கிலோவும் போகின்றன என்றால், மதிப்பு அந்த 60 கிலோவில் இருக்கிறது. எனவே விலையையும் விற்ற அளவையும் பெருக்கி, வருவாய் வித்தியாசத்தையும் சேர்த்தே பார்ப்பதுதான் நியாயம்.

விலையேற்றத்தைத் தாங்கும் வலு பெயருக்கு உண்டா என்று அறிய, ஒரே மாதிரியான நான்கு கடைகளைத் தேர்ந்தெடுத்து, இரண்டில் மட்டும் 30 சென் ஏற்றி, சலுகை எதுவும் போடாமல் ஏழெட்டு வாரங்கள் பொட்டலங்களை எண்ணினால் போதும். கறித்தூள் வாங்கியவர் மறுபடி வாங்க வருவதற்குச் சில வாரங்கள் ஆகுமாதலால், முதல் வாரத்தின் எண்ணிக்கையைக் கண்டு அஞ்சவும் வேண்டாம், மகிழவும் வேண்டாம். தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் மட்டும் இதைத் தொடங்கக்கூடாது. அப்போது எல்லார் தூளும் விற்கும்.