ஒரே மின்னஞ்சலில் இரண்டு மொழிகள்: எங்கெல்லாம் சறுக்குகிறது?

மாதக் கூட்டத்தின் தேதி மாறியதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, ஒரே மின்னஞ்சலாக 60 பேருக்கு அனுப்பினேன். மேலே ஆங்கிலம், கீழே தமிழ், நடுவில் பிரிப்பதற்காக இரண்டு சிறு கோடுகள். ஒருவர் 'ரிப்ளை ஆல்' கொடுத்து ஏதோ சந்தேகம் கேட்டார். அந்தப் பதிலுக்கு அடியில் என் பழைய மடலும் வந்திருந்தது. அதில் ஆங்கிலம் மட்டும்தான் இருந்தது, தமிழைக் காணோம்.

அவர் எதையும் அழிக்கவில்லை. அழித்தது நான் போட்ட கோடுதான். ஒரு வரியில் இரண்டு சிறு கோடும் ஓர் இடைவெளியும் மட்டும் இருந்தால், 'இதற்குக் கீழே வருவது அனுப்புநரின் சிக்னேச்சர்' என்று பொருள். மின்னஞ்சல் உலகில் இது பழைய வழக்கம். தண்டர்பேர்டு போன்ற மென்பொருள்கள் இன்றும் அதை மதிக்கின்றன: கீழே உள்ளதை மங்கலாகக் காட்டும், ரிப்ளை கொடுத்தால் விட்டுவிடும். கோட்டுக்குப் பின் கை தவறி ஒரு இடைவெளி விழுந்துவிட்டது. என் தமிழ்ப் பாதி முழுவதும் சிக்னேச்சர் ஆகிவிட்டது.

நீளமான அடிக்கோட்டு வரியும் நம்பத்தக்கதல்ல. பழைய மடலுக்கு மேலே அவுட்லுக் அப்படியொரு கோட்டைப் போடுவது வழக்கம். அதனால், வரும் மடல்களைத் தானாகப் பிரித்தெடுக்கும் உதவி மைய மென்பொருள் சில, அந்தக் கோட்டோடு புது மடல் முடிந்தது என்று வெட்டிவிடும். சமக்குறிகளை வரிசையாக அடுக்கினால் வெட்டுப்படாமல் போகலாம். ஆனால் திரையைக் காதால் கேட்டுப் படிப்பவருக்கு அது 'சமம், சமம், சமம்' என்று வாசிக்கப்படக்கூடும். இரண்டு வெற்று வரி விட்டு, மொழியின் பெயரையே தடித்த எழுத்தில் தலைப்பாகப் போடுவதுதான் எனக்குப் பிடித்த வழி. கோடே தேவையில்லை.

அடுத்தது வரிசை. எந்த மொழி மேலே என்பதைப் பெரும்பாலும் பதவியோ மரியாதையோ முடிவு செய்துவிடுகிறது. 'பெரும்பான்மையினர் எந்த மொழி?' என்று கேட்பதும் முழுச் சரியல்ல. என் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். 60 பேரில் 30 பேருக்கு இரண்டு மொழியும் வரும். அவர்கள் எதை முதலில் பார்த்தாலும் விஷயம் புரிந்துவிடும், எனவே அவர்களைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். மீதி 30 பேரில் தமிழ் மட்டும் படிப்பவர்கள் 20, ஆங்கிலம் மட்டும் படிப்பவர்கள் 10. தமிழ்தான் மேலே வந்திருக்க வேண்டும். எண்ணிக்கை சரிசமமாக இருந்தால், மடலைப் பார்த்து ஏதாவது செய்ய வேண்டியவர் யாரோ அவருடைய மொழி முதலில். ஒருமுறை வரிசை வைத்துவிட்டால் மடலுக்கு மடல் மாற்றாதீர்கள். நியாயமாக நடப்பதாக நினைத்து முறை மாற்றி அனுப்பினால், வாசிப்பவர் ஒவ்வொரு தடவையும் தன் பகுதியைத் தேட வேண்டியிருக்கும்.

கீழே போன மொழிக்காரருக்கு மேலேயே ஒரு குறிப்பு வேண்டும். இங்கே பலர் செய்யும் தவறு வேடிக்கையானது: 'ஆங்கில வடிவம் கீழே உள்ளது' என்று தமிழில் எழுதிவிடுகிறார்கள். தமிழ் படிப்பவருக்கு அந்தச் செய்தி தேவையில்லை, தேவைப்படுபவருக்கோ அது புரியாது. கனடா நடுவண் அரசின் மடல்களில், ஆங்கிலம் முதலில் வந்தால் 'பிரெஞ்சு கீழே தொடர்கிறது' என்ற வரி பிரெஞ்சிலேயே மேலே நிற்பதைக் காணலாம். குறிப்பு, தேடி வருபவரின் மொழியில் இருக்க வேண்டும்.

ஆனால் குறிப்பு நீண்டுவிடக் கூடாது. இன்பாக்ஸில் சப்ஜெக்டுக்குப் பக்கத்திலோ கீழேயோ மடலின் முதல் வரி கொஞ்சம் தெரியும் அல்லவா? குறிப்பு அந்த இடம் முழுவதையும் பிடித்துக்கொண்டால், மேலே உள்ள மொழிக்காரருக்கு முன்னோட்டத்தில் விஷயமே தெரியாது. இரண்டு மூன்று சொல் போதும்.

இனி சப்ஜெக்ட். நான் அனுப்பியது இப்படி இருந்தது:

```
Important notice regarding change of date of monthly meeting / மாதக் கூட்டத்தின் தேதி மாற்றம் குறித்த முக்கிய அறிவிப்பு
```

கைபேசியில் சப்ஜெக்ட் சுமார் 35, 40 எழுத்துகளோடு அறுபட்டுவிடும். திரைக்குத் திரை இது மாறும். தமிழ் எழுத்துகள் அகலமானவை என்பதால் இன்னும் குறைவாகவே தெரியும். என் சப்ஜெக்டில் கண்ணில் பட்டது ஆங்கிலத்தில் 'முக்கிய அறிவிப்பு, மாற்றம் குறித்து' என்ற அளவுதான். என்ன மாறியது என்பது ஆங்கிலம் படிப்பவருக்கும் தெரியவில்லை, தமிழில் ஓரெழுத்துகூட வெளியே வரவில்லை. ஒரு முழு வாக்கியத்தை எழுதி அதை அப்படியே மொழிபெயர்த்து ஒட்டியதுதான் பிழை. சப்ஜெக்டை இரண்டு மொழியிலும் தனித்தனியே, சுருக்கமாக யோசிக்க வேண்டும். திருத்திய மடலின் தொடக்கம்:

```
கூட்டம் ஜூன் 14 / Meeting June 14

English below
மாதக் கூட்டம் ஜூன் 7-லிருந்து ஜூன் 14-க்கு மாறியுள்ளது.
```

'முக்கியம்', 'அறிவிப்பு', 'குறித்து' எல்லாம் போய்விட்டன. 'மாற்றம்' என்ற சொல்லையும் விட்டுவிட்டேன், அதை முதல் வரி சொல்லிவிடும். எண் இரண்டு பக்கமும் வருவதால், பின்பாதி அறுபட்டாலும் தேதி எல்லோர் கண்ணிலும் படும். சாய்கோட்டுக்கு இருபுறமும் இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் இரண்டு சொற்களும் ஒட்டிக்கொண்டு ஒன்றாகத் தோன்றும். சப்ஜெக்டில் உள்ள மொழி வரிசையும் உள்ளே இருக்கும் வரிசையும் ஒன்றாக இருக்கட்டும். ஆறு மாதம் கழித்து யாராவது 'கூட்டம்' என்று தேடினாலும் 'மீட்டிங்' என்று ஆங்கிலத்தில் தேடினாலும் இந்த மடல் கிடைக்கும். அதற்காகவாவது இரண்டு மொழியிலும் முக்கியமான பெயர்ச்சொல் சப்ஜெக்டில் வேண்டும்.

பத்திக்குப் பத்தி மாற்றி மாற்றி எழுதுவதும், இரண்டு நெடுவரிசை அட்டவணையில் இடம் வலமாக வைப்பதும் கணினியில் அழகாகத்தான் தெரியும். கைபேசியில் அட்டவணை நசுங்கி, வரிக்கு இரண்டு சொல் என்று தமிழ் உடைந்து நிற்கும். ஒரு பகுதி ஒரு திரைக்கு மேல் நீண்டால் மட்டும் என் வழக்கத்தை மாற்றிக்கொள்வேன்: இரண்டு மொழியிலும் இரண்டிரண்டு வரிச் சுருக்கம் முதலில், பிறகு முழு விவரம் ஒன்றன் கீழ் ஒன்றாக.

முகவரி, தொலைபேசி எண் கொண்ட முழு சிக்னேச்சரை முதல் பகுதியின் முடிவில் போட்டால், மடல் அங்கேயே முடிந்ததாக நினைத்துப் பலர் மூடிவிடுவார்கள். முதல் பகுதிக்குப் பெயர் மட்டும் போதும், சிக்னேச்சர் கடைசியில் ஒரே முறை.

கடைசி நிமிடத்தில் நேரத்தையோ தேதியையோ திருத்தும்போது ஒரு மொழியில் மட்டும் திருத்திவிட்டு அனுப்புவதும் சகஜம். அனுப்புமுன் எண்களை மட்டும் இரண்டு பகுதியிலும் விரல் வைத்து ஒப்பிடுகிறேன். பிறகு எனக்கே ஒரு பிரதி அனுப்பி, கைபேசி இன்பாக்ஸில் சப்ஜெக்ட் எங்கே அறுபடுகிறது என்று பார்ப்பேன். மடலைத் திறந்து ரிப்ளை அழுத்தி, இரண்டு மொழியும் கீழே இருக்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் மற்றவர்களுக்குப் போகும்.