முதல் கார் வாங்க வருபவரிடம் நாம் செய்யும் தவறுகள்

கோவையில் கார் ஷோரூம் விற்பனையில் பல வருடங்கள் ஓடிவிட்டன. போன வாரம் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், சூலூரிலிருந்து அப்பாவோடு வந்த இளைஞரை உட்கார வைத்து எடுத்த எடுப்பிலேயே கேட்டான்: "மாசம் எவ்வளவுங்க சார் கட்ட முடியும்?" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானும் ஒரு காலத்தில் அதே கேள்வியைத்தான் கேட்டேன், அதனால் பட்டேன். லேட்டாக வருவது, விலைப்பட்டியலைத் தப்பாகச் சொல்வது போன்றவற்றை மேனேஜரே திட்டித் திருத்திவிடுவார். அவர் திட்டாதவற்றைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

டெஸ்ட் டிரைவில் பேசிக்கொண்டே இருப்பது

முதல் கார் வாங்குபவர் பெரும்பாலும் டிரைவிங் ஸ்கூல் வண்டியும் சொந்தக்காரர் வண்டியும் மட்டுமே ஓட்டியிருப்பார். கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று அவர் கால் தேடிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து சன்ரூஃப் பெருமை பேசினால் அவருக்கு எதுவும் மண்டையில் ஏறாது. முதல் ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொள்ளுங்கள்.

ஷோரூமைச் சுற்றி ஒரு ரவுண்டு அடித்துவிட்டுத் திரும்புவதும் வீண். ஒரு மேம்பால ஏற்றத்தில் நின்று கிளம்பச் சொல்லுங்கள். ஏசி ஓட வேண்டும், பின் சீட்டில் அவர் வீட்டு ஆட்கள் இருக்க வேண்டும். தனியாக ஓட்டும்போது சீறிய வண்டி நான்கு பேரை ஏற்றியதும் எப்படி இழுக்கிறது என்பது அங்கேதான் தெரியும். அப்புறம், அவர் வாங்கப் போவது தானே கியர் மாற்றும் ஏஎம்டி வண்டி என்றால் ஏஎம்டியே கொடுங்கள். "மேனுவல்தான் சார் இருக்கு, ஓட்டிப் பாருங்க, எல்லாம் ஒண்ணுதான்" என்பது பொய். நெரிசலில் ஏஎம்டி கியர் மாற்றும்போது வரும் அந்தச் சின்னத் தயக்கம் சிலருக்குப் பிடிக்காது. டெலிவரிக்குப் பிறகு அதைக் கண்டுபிடித்தால் நம் மேல்தான் கோபம் வரும்.

டெஸ்ட் டிரைவ் முடிந்த சூட்டில் அட்வான்ஸ் கேட்பது

கேட்காதீர்கள்.

மூன்று கணக்கை ஒரே கணக்காக்குவது

என்னை இன்றைக்கும் எரிச்சலூட்டுவது இதுதான். புது வண்டி விலை ஒரு கணக்கு, பழைய வண்டிக்குக் கிடைப்பது இன்னொரு கணக்கு, லோன் மூன்றாவது. மூன்றையும் கலக்கி "மாசம் இவ்வளவுதான் சார்" என்று ஒரே எண்ணாக நீட்டும் வித்தையை எனக்குச் சொல்லிக் கொடுத்தபோது அதைத் திறமை என்றே நினைத்தேன்.

அந்தக் காலத்தில் என்னிடம் வந்த ஒருவருக்கு அதுதான் முதல் கார். எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுத்தது அப்பாவின் பழைய ஆல்டோ. புது வண்டி ஆன்ரோடு 11.20 லட்சம். ஆல்டோவை எங்கள் ஆள் பார்த்து 1.60 லட்சம் போட்டார். அப்பாவோ இரண்டுக்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்றார். அந்த மாதம் 25,000 ரூபாய் தள்ளுபடியும் 20,000 ரூபாய் எக்ஸ்சேஞ்ச் போனஸும் இருந்தன. இரண்டையும் நான் வெளியே சொல்லவில்லை. ஆல்டோ விலைக்குள் சேர்த்து, "உங்களுக்காக 2.05 லட்சம்" என்றேன். பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது.

கையில் இருந்த 1.15 லட்சம் போக மீதி 8 லட்சம் லோன். கூட்டினால் கணக்கு சரியாகவே வரும், மோசடி மாதிரியே தெரியாது. ஆனால் அந்த ஆல்டோவுக்கு வெளியே ஒரு புரோக்கர் 1.95 லட்சம் தருவதாகச் சொல்லியிருந்தார். 2.05 பெரிது என்று நம்பி அவரை விட்டுவிட்டார்கள். உண்மையில் வெளியே விற்றிருந்தால் எக்ஸ்சேஞ்ச் போனஸ் 20,000 மட்டும் போயிருக்கும், தள்ளுபடி 25,000 எப்படியும் கிடைத்திருக்கும். கூட்டிக் கழித்தால் 15,000 ரூபாய் லாபம். அதைப் பார்க்கிற வழியையே நான் அடைத்துவிட்டேன்.

அடுத்தது லோன். வட்டி 9.5 சதவீதம். ஐந்து வருடம் என்றால் மாதம் சுமார் 16,800 ரூபாய். அவர் 13,000 தாண்ட முடியாது என்றார். நான் சட்டென்று ஏழு வருடமாக்கினேன்: 13,075. "பாருங்க சார், வந்துருச்சு!" வட்டி 2.08 லட்சத்திலிருந்து 2.98 லட்சமாக ஏறியதைச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை, அவர் கேட்டுக்கொண்டிருந்தது மாதத் தவணையை மட்டும்தான். அதைக் கேட்கப் பழக்கியதே நான்தானே.

மூன்று வருடம் கழித்து வேறு ஊருக்கு மாற்றலாகி வண்டியை விற்க வந்தார். லோன் பாக்கி 5.2 லட்சம். ஐந்து வருட லோனாக இருந்திருந்தால் 3.66 லட்சம்தான் இருந்திருக்கும். வண்டிக்கு வந்த விலை பாக்கியை அடைக்கவே போதவில்லை. அதற்குள் சித்தப்பா பையன் அதே மாதம் வாங்கிய பில்லில் 25,000 தள்ளுபடி எழுதியிருப்பதையும் பார்த்திருந்தார். அவர் சத்தம் போடவில்லை. நான் எழுதிக் கொடுத்த தாளை மேசையில் வைத்துவிட்டு, "அண்ணா, இதுல எங்க போட்டிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டார். அந்தக் குடும்பத்திலிருந்து அதன் பிறகு ஒருவரும் எங்களிடம் வண்டி எடுக்கவில்லை.

நான் செய்திருக்க வேண்டியது எளிது. டாப் வேரியண்டுக்குப் பதிலாக 1.5 லட்சம் குறைந்த வேரியண்டைக் காட்டியிருந்தால் லோன் 6.5 லட்சம், ஐந்தே வருடத்தில் மாதம் 13,650. கிட்டத்தட்ட அவர் சொன்ன தொகை. போயிருக்கக் கூடியது அலாய் வீலும் பெரிய ஸ்கிரீனும்தான்.

இப்போது மூன்று தாள் எடுத்து எழுதுகிறேன். முதல் தாளில் எக்ஸ்சேஞ்சே இல்லாதபோது புது வண்டி என்ன விலை என்பது, தள்ளுபடியோடு. இரண்டாவதில் பழைய வண்டியின் மதிப்பு ஒரு வரியில், எக்ஸ்சேஞ்ச் போனஸ் தனி வரியில். "இதை வெளியே ரெண்டு இடத்தில் காட்டிட்டு வாங்க" என்று நானே சொல்லி அனுப்புகிறேன். இந்த இரண்டும் முடிந்த பிறகுதான் லோன் தாள்.

ஃபிளாட் வட்டியைச் சொல்லி மயக்குவது

கட்டக் கட்டப் பாக்கி குறைந்தாலும் கடைசி வரை முழுக் கடனுக்கும் வட்டி போடுவதுதான் ஃபிளாட் கணக்கு. "வெறும் 6 சதவீதம்" என்று அந்தக் கணக்கில் சொன்னால், ஐந்து வருட லோனில் அது குறையும் பாக்கிக் கணக்குப்படி 10.85 சதவீதத்துக்குச் சமம். வங்கிக்காரர் 9.5 சொன்னதைவிட இது மலிவு என்று நம்பி ஏமாந்தவர்கள் நிறைய. 2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடன் எதற்கும் முக்கிய விவரத் தாள் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கட்டணங்களெல்லாம் சேர்த்த ஆண்டு வட்டி அதில் இருக்கும், கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். கார் லோன் மாதிரி நீண்ட கடனுக்கு அந்தத் தாளில் உள்ள நிபந்தனைகள் குறைந்தது மூன்று வேலை நாள் செல்லும். ஆகவே "இன்னைக்கே கையெழுத்துப் போட்டாதான் இந்த வட்டி" என்று யாரையும் விரட்ட வேண்டாம். தாளை வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள்.

பழைய வண்டியின் காகிதம்

ஆர்சி பெயர் மாறும் வரை அந்த வண்டி அரசுப் பதிவில் அப்பாவுடையதுதான். போலீஸ் சலானும் விபத்து வழக்கும் அவர் வாசலுக்கே வரும். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கியதோடு நின்றுவிடாமல், வண்டியை ஒப்படைத்த தேதியும் மணியும் எழுதிய டெலிவரி நோட்டை நம் முத்திரையோடு கொடுக்க வேண்டும். ஃபாஸ்டேக்கை அன்றே மூடச் சொல்லுங்கள். நோ கிளைம் போனஸ் அப்பா பெயரில் இருந்தால், மகன் பெயரில் எடுக்கும் புது வண்டி இன்சூரன்ஸுக்கு அதை மாற்ற முடியாது. "பார்த்துக்கலாம் சார்" என்று வாய் விட்டுவிடாதீர்கள்.

ஆக்சசரி பேக்கேஜ்

கேட்டால் மட்டும்.

சூலூர் இளைஞர் விஷயத்துக்கு வருகிறேன். பையனை டீ வாங்கி வர அனுப்பிவிட்டு நான் உட்கார்ந்தேன். மூன்று தாளையும் எழுதிக் கொடுத்தேன். அப்பா இரண்டாவது தாளை மட்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். உக்கடத்தில் விசாரித்துவிட்டு வருகிறாராம். இன்னும் வரவில்லை.