ஏழு நாள் மருந்துக்கு எத்தனை மாத்திரை வாங்க வேண்டும்?

மருந்துச் சீட்டில் அமாக்சிசிலின் 500 மி.கி., 1-1-1, 7 நாள் என்று இருந்தால், வேளைக்கு ஒன்றாக நாளொன்றுக்கு 3, ஏழு நாளுக்கு 21 மாத்திரைகள் தேவை. பத்து மாத்திரை கொண்ட அட்டைகள் இரண்டை மட்டும் வாங்கி வந்தால் கடைசி வேளைக்கு ஒன்று குறையும் என்பதால், மூன்றாவது அட்டையிலிருந்து ஒன்றை வெட்டித் தரும்படி கேளுங்கள். வெட்டிய துண்டில் காலாவதித் தேதி தெரிகிறதா என்றும் பாருங்கள்.

கடையில் 250 மி.கி. மட்டுமே இருந்து, வேளைக்கு இரண்டாகப் போட மருத்துவரும் சம்மதித்தால், எண்ணிக்கை 42 ஆகிவிடும். முதல் மாத்திரையை இரவில் போட்டவருக்கு 21 வேளைகளும் எட்டாம் நாள் மதியம்தான் முடியும். ஏழாம் நாள் இரவு இரண்டு வேளைக்கான மாத்திரை மிச்சமிருப்பதைக் கண்டு, கணக்கு தவறிவிட்டதென்று நிறுத்திவிட வேண்டாம்.