ஸ்பெல் செக்கின் கண்ணில் படாத பிழைகள்: கடைசி மெய்ப்பில் எண், தேதி, பெயர் பார்ப்பது எப்படி?

ஸ்பெல் செக் ஒரு சொல் அகராதியில் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். 1729 என்பதை 1792 என்று அடித்தாலும் அதற்கு இரண்டும் ஒன்றுதான், ஏனென்றால் எண்ணுக்கு எழுத்துப்பிழை கிடையாது. ஆகவே எண்ணையும் தேதியையும் பெயரையும் தனியாகப் படித்துச் சரிபார்க்க முடியாது. ஒவ்வொன்றையும் வேறொன்றின் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். இந்தச் செய்முறை முழுவதும் அதுதான்.

பயிற்சிக்காக நானே பிழைகளைக் கலந்து எழுதிய பத்தி இது:

> கணித மேதை ராமானுஜன் 1887 டிசம்பர் 22, வியாழக்கிழமை பிறந்தார். 1914இல் கப்பலேறி இங்கிலாந்து போனவர், கணிதவியலாளர் ஹார்டியுடன் ஏழு ஆண்டுகள் பணியாற்றிவிட்டு 1919இல் திரும்பினார். மருத்துவமனைக்கு வந்த ஹார்டீ தன் டாக்சியின் எண் 1792 என்று சொன்னதும், இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரு விதங்களில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்றார் ராமானுஜன். 1920 ஏப்ரல் 26, ஞாயிற்றுக்கிழமை ராமானுஜம் 33 வயதில் காலமானார்.

முதலில் குறியிடுங்கள்

மெய்ப்பைத் தாளில் எடுத்துக்கொள்ளுங்கள். பொருளைப் படிக்காமல், எண், தேதி, பெயர் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் வட்டம் போடுங்கள். எழுத்தில் எழுதிய எண்களும் இதில் சேர்த்தி. மேலே உள்ள பத்தியில் ‘ஏழு ஆண்டுகள்’ என்பதும் ‘இரு விதங்களில்’ என்பதும் எண்கள்தான், ஆனால் இலக்கத்தைத் தேடும் கண் இவற்றைத் தாண்டிப் போய்விடும். தலைப்பு, படக்குறிப்பு, அட்டவணை ஆகியவற்றையும் விடாதீர்கள். கடைசி நேரத்தில் சேர்க்கப்படுபவை என்பதால் அவற்றைப் பலர் படிப்பதே இல்லை.

தேதிகள்

ஒரு தேதிக்குப் பக்கத்தில் கிழமை இருந்தால் நல்லது, அதை வைத்தே சோதித்துவிடலாம். விரிதாளில் இப்படி அடியுங்கள்:

```
=TEXT(DATE(1920,4,26),"dddd")
```

திங்கட்கிழமை என்று வரும். பத்தியில் ஞாயிறு என்று இருக்கிறது. சரி, பிழை கிடைத்துவிட்டது. ஆனால் எது பிழை? கிழமை தவறா, அல்லது 25 என்பது 26 ஆகிவிட்டதா? இரண்டும் முரண்படுகின்றன என்பதை மட்டும்தான் இந்தச் சோதனை சொல்லும். எது சரி என்று முடிவுசெய்ய மூலத்தைப் பார்க்க வேண்டும். அது கையில் இல்லையென்றால் ஓரத்தில் கேள்விக்குறி போட்டு ஆசிரியரிடம் கேளுங்கள், ஊகித்துத் திருத்தாதீர்கள். இங்கே தேதி சரி, கிழமைதான் தவறு.

பிறந்த தேதிக்கும் இதே சூத்திரத்தைப் போட்டால் ஒரு சிக்கல் வரும். எக்செல், கூகுள் ஷீட்ஸ் இரண்டிலும் DATE சூத்திரத்தில் 1900க்கு முந்தைய ஆண்டைக் கொடுத்தால், அதோடு 1900ஐக் கூட்டிவிடும். 1887 என்று அடித்தால் 3787ஆம் ஆண்டின் கிழமை வரும், எந்த எச்சரிக்கையும் இருக்காது. இப்போதைய நாட்காட்டி 400 ஆண்டுக்கு ஒருமுறை கிழமை மாறாமல் அப்படியே திரும்பிவரும். அதனால் 1887க்குப் பதில் 2287 என்று அடியுங்கள். வியாழன் என்று வரும், பத்தியில் இருப்பது சரி.

அப்புறம் இடைவெளிகள். 1914இல் போய் 1919இல் திரும்பியவர் ஏழு ஆண்டுகள் அங்கே இருந்திருக்க முடியாது, சுமார் ஐந்துதான். இறந்தபோது வயது? 1920இலிருந்து 1887ஐக் கழித்தால் 33 வருகிறது, பத்தியிலும் 33 இருக்கிறது. இங்கேதான் பலர் டிக் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பிறந்தநாள் டிசம்பரில், இறந்தது ஏப்ரலில். 1920இன் பிறந்தநாள் இன்னும் வரவில்லை என்பதால் நிறைவடைந்த வயது 32. ‘32 வயதில்’ என்றோ ‘33ஆவது வயதில்’ என்றோ எழுதலாம், ‘33 வயதில்’ என்பது தவறு. வயதைப் பார்க்கும்போது ஆண்டோடு நிறுத்தாமல் மாதத்தையும் பாருங்கள்.

எண்கள்

மூலப்பிரதி இருந்தால் எண்ணை எண்ணாகப் படிக்காமல் இலக்கம் இலக்கமாகப் படியுங்கள்: ‘ஒன்று, ஏழு, இரண்டு, ஒன்பது’. இன்னொருவர் மூலத்தை வாசிக்க, நீங்கள் மெய்ப்பில் விரல் வைத்துக்கொண்டு வருவது இன்னும் நல்லது. ‘ஆயிரத்து எழுநூற்று’ என்று கேட்டதுமே மூளை மீதியைத் தானே நிரப்பிக்கொள்ளும்.

மூலம் இல்லாவிட்டாலும் சில எண்களை அவை இருக்கும் வாக்கியமே காட்டிக்கொடுத்துவிடும். டாக்சி எண் அப்படிப்பட்டது. 10இன் கனம் 1000, 9இன் கனம் 729, கூட்டினால் 1729. 12இன் கனம் 1728, அதோடு 1இன் கனத்தைக் கூட்டினாலும் 1729. ஆக 1792 தவறு. பட்டியலுக்கு மேலே ‘நான்கு காரணங்கள்’ என்று இருந்தால் கீழே எண்ணிப் பாருங்கள், அட்டவணையில் மொத்தம் இருந்தால் கூட்டிப் பாருங்கள்.

கூட்டுத்தொகை இடித்தால், முதலில் வித்தியாசத்தை 9ஆல் வகுத்துப் பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9ஆல் மீதியின்றி வகுபடும்: 1792இலிருந்து 1729 போக 63. வகுபட்டால் எங்கோ இலக்கம் இடம் மாறியிருக்கலாம், அதை முதலில் தேடுங்கள். வேறு பிழையாலும் 9ஆல் வகுபடக்கூடும் என்பதால் இது ஒரு துப்புதான், தீர்ப்பு அல்ல.

மொழிபெயர்ப்பு என்றால் மில்லியன் வருமிடமெல்லாம் நின்று பாருங்கள். 1 மில்லியன் 10 லட்சம், 1 பில்லியன் 100 கோடி. ஒரு சுழியம் நழுவினாலும் வாக்கியம் அழகாகவே இருக்கும்.

பெயர்கள்

முதல் முறை வரும்போதே ஒவ்வொரு பெயரையும் முன்னெழுத்துகளோடு தனித்தாளில் எழுதிவையுங்கள், எந்த வடிவம் சரி என்று அப்போதே முடிவுசெய்துவிடுங்கள். பிறகு கோப்பில் தேடுங்கள். தமிழில் பெயரோடு வேற்றுமை உருபு ஒட்டிக்கொள்வதால் முழுப்பெயரைத் தேடினால் பாதி தப்பிவிடும். ‘ராமானுஜ’ என்று தேடினால் ராமானுஜன், ராமானுஜனின், ராமானுஜம் எல்லாமே வந்து நிற்கும். ‘ஹார்ட’ என்று தேடும்போது முடிவு வராவிட்டால் ‘ஹார்’ வரை குறைத்துத் தேடுங்கள். ன, ண குழம்பும் பெயர்களுக்கும் ர, ற குழம்பும் பெயர்களுக்கும் அந்த எழுத்துக்கு முன்னால் உள்ள பகுதியை மட்டும் தேடுவதுதான் வழி.

கண்ணுக்குத் தெரியாத பிழையும் உண்டு. ஔவையார் என்பதில் முதலெழுத்து ‘ஔ’ என்ற ஒரே குறியாக இருக்கலாம், ‘ஒ’, ‘ள’ என்று இரண்டாகவும் அடிக்கப்பட்டிருக்கலாம். அச்சில் வித்தியாசம் தெரிவது கடினம், ஆனால் தேடலில் ஒன்று வரும், மற்றது வராது. பெயர் ஐந்து இடத்தில் கண்ணில் பட்டு, தேடலில் மூன்றுதான் வந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

எல்லாம் ஒத்துப்போனாலும்

ஆசிரியரே தவறாகக் குறித்த ஆண்டு பத்து இடத்திலும் அதே தவறோடு வந்தால் மேலே சொன்ன எந்தச் சோதனையிலும் மாட்டாது. அதனால் கட்டுரையின் முக்கியமான தேதிகளையும் பெயர்களையும் நம்பகமான வெளி ஆதாரம் ஒன்றோடு ஒப்பிடுங்கள்.

திருத்தம் போட்டு வந்த பிரதியில் திருத்திய எண்ணை மட்டும் பார்க்காமல் அந்தப் பத்தி முழுவதையும் பாருங்கள். ‘ஏழு’ ‘ஐந்து’ ஆனபோது படக்குறிப்பில் இன்னும் ஏழாகவே இருக்கலாம். வரி நகர்ந்து பக்கம் மாறியிருந்தால் ‘பக்கம் 14 காண்க’ என்பவற்றையும் பொருளடக்கத்தையும் மறுபடி ஒப்பிட்டுவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள்.