பாத்தியைச் சுற்றிப் பாதை: −13 அடி என்று விடை வந்தால் என்ன செய்வது?

எங்கள் கொல்லையில் 12 அடிக்கு 8 அடியில் ஒரு பூப்பாத்தி இருக்கிறது. மழை பெய்தால் சுற்றிலும் சேறாகிவிடும். மச்சான் வீட்டு வேலையில் மிஞ்சிய பேவர் பிளாக் கிடைத்தது. உடைசலைக் கழித்துவிட்டுக் கணக்குப் பார்த்தால் 156 சதுர அடிக்கு வந்தது. பாத்தியின் நான்கு பக்கமும் ஒரே அகலத்தில் பாதை போட்டு, கல் முழுவதையும் தீர்த்துவிட வேண்டும். பாதையின் அகலம் எத்தனை அடி?

பத்தாம் வகுப்புக் கணக்குதான். அப்படியிருந்தும் முதல் முறை தப்பாகப் போட்டேன். எங்கே சறுக்கினேன் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். அடைப்புகளைப் பெருக்கி விரிப்பது உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: படம் போடுங்கள்

கட்டம் போட்ட நோட்டில், பென்சிலால். மொபைலில் வரையும் செயலிகள் எனக்குச் சரிப்படவில்லை. கோட்டை இழுத்து நேராக்குவதிலேயே நேரம் போய்விடுகிறது. ஒரு கட்டம் ஒரு அடி என்று வைத்து 12 × 8 செவ்வகம் வரையுங்கள். அதற்கு வெளியே, நான்கு பக்கமும் சம இடைவெளி விட்டு, பெரிய செவ்வகம் ஒன்று வரையுங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள பட்டைதான் பாதை. அதன் அகலம் x.

படி 2: வெளிச் செவ்வகத்தின் நீள அகலம்

நான் விழுந்த குழி இதுதான். பாதை x அடி அகலம், அதனால் வெளி நீளம் 12 + x, வெளி அகலம் 8 + x என்று எழுதிவிட்டேன். சமன்பாடு இப்படி வந்தது:

```
(12 + x)(8 + x) − 96 = 156
x² + 20x − 156 = 0
(x + 26)(x − 6) = 0
```

விடை 6. பின்னம், தசமம் எதுவும் இல்லாமல் முழு எண்ணாக வந்ததால் சந்தேகமே வரவில்லை. 6 அடி தள்ளி முளையடித்துக் கயிறும் கட்டிவிட்டேன். கொத்தனார் கயிற்றையும் கல் குவியலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இந்தக் கல்லு பாதிக்குக்கூடக் காணாதுண்ணே" என்றார். உள்ளே போய்ச் சரிபார்த்தேன். 6 அடி அகலத்தில் போட்டால் வெளி அளவு 24 × 20, அதாவது 480 சதுர அடி. பாத்தியின் 96 போக 384 சதுர அடிக்குக் கல் வேண்டும். கையில் இருப்பதோ 156.

படத்தில் விரலை இடமிருந்து வலமாக ஓட்டிப் பாருங்கள். முதலில் பாதை x, பிறகு பாத்தி 12, பிறகு மறுபடியும் பாதை x. வழியில் பாதையை இரண்டு முறை கடக்கிறோம். ஆகவே வெளி நீளம் 12 + 2x. மேலிருந்து கீழாகவும் அப்படியே, 8 + 2x. எனக்கு வந்த 6 உண்மையில் இரு பக்கப் பாதையையும் சேர்த்த அகலம். விடை முழு எண்ணாக வந்துவிட்டது என்பதற்காக நம்பாதீர்கள். படத்தில் வைத்துப் பார்த்த பிறகு நம்புங்கள்.

படி 3: சமன்பாடு

```
(12 + 2x)(8 + 2x) − 96 = 156
4x² + 40x = 156
x² + 10x − 39 = 0
```

இரண்டாவது வரியைப் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 40x என்பது பாத்தியின் நான்கு விளிம்புகளை ஒட்டிய பட்டைகள். 4x² என்பது நான்கு மூலைச் சதுரங்கள். மூலைகளை மறந்துவிட்டு 40x = 156 என்று போட்டால் அகலம் 3.9 அடி என்று வரும். அதை நம்பி வேலையைத் தொடங்கினால் மூலைகளுக்குக் கல் இருக்காது.

ஒரு சுவாரசியம்: 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த அல் குவாரிஸ்மி, இருபடிச் சமன்பாட்டை விளக்க எடுத்துக்கொண்ட பிரபலமான உதாரணம் இதே x² + 10x = 39 தான். அவரும் சதுரம் வரைந்து, பக்கங்களில் பட்டை ஒட்டி, மூலைகளை நிரப்பித்தான் விளக்கினார். மூலம் 3 என்று மட்டும் சொல்லி முடித்துவிட்டார். குறை எண் மூலம் அவர் கணக்கில் கிடையாது.

படி 4: காரணிப்படுத்துதல்

பெருக்கினால் −39, கூட்டினால் 10 வரும் இரண்டு எண்கள்: 13, −3.

```
(x + 13)(x − 3) = 0
x = 3  அல்லது  x = −13
```

எண்கள் சிறியவையாக இருந்தால் எனக்குக் காரணிதான் பிடிக்கும். ஒரு நிமிடம் யோசித்தும் பிடிபடவில்லை என்றால் சூத்திரத்துக்குப் போய்விடுவேன்.

படி 5: −13 ஏன் தள்ளுபடி?

"நீளம் குறை எண்ணாக இருக்க முடியாது" என்று ஒரு வரி எழுதினால் பரீட்சையில் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் இருக்க முடியாத ஒன்று விடையாக எப்படி வந்தது? −13ஐச் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள்.

```
12 + 2(−13) = −14
 8 + 2(−13) = −18
(−14)(−18) − 96 = 252 − 96 = 156
```

கச்சிதமாகப் பொருந்துகிறது! சமன்பாட்டைப் பொறுத்தவரை −13 சரியான மூலம்தான். அதற்குப் பாத்தியும் தெரியாது, கல்லும் தெரியாது. பெருக்குத் தொகை 252 வந்தால் போதும். இரண்டு குறை எண்களைப் பெருக்கினாலும் மிகை எண்தான் வரும், ஆகவே −14 × −18 அதன் கண்ணுக்கு நல்ல செவ்வகம். x > 0 என்ற நிபந்தனை நம் தலையில் இருந்தது, சமன்பாட்டில் எழுதப்படவில்லை. அதனால் "தவறான விடை" என்று எழுதாமல், "x > 0 ஆக வேண்டும், எனவே −13 பொருந்தாது" என்று எழுதுங்கள்.

அகலம் 3 அடி. சரிபார்க்க: 18 × 14 = 252, அதில் 96 போனால் 156.

பிற்சேர்க்கை: இரண்டு மூலமும் மிகை எண்ணாக வந்தால்?

இதைப் படித்த ஒருவர், "எனக்கு இரண்டு விடையும் மிகை எண், எதைத் தள்ளுவது?" என்று கேட்டிருந்தார். அவருடைய பாதை தோட்டத்துக்கு உள்ளே, விளிம்பை ஒட்டி வருகிறது. என் அளவுகளையே திருப்பிப் போட்டுக் காட்டுகிறேன். மொத்தத் தோட்டம் 18 × 14, உள்ளே பாதை போனது போக மிஞ்ச வேண்டியது 96 சதுர அடி.

```
(18 − 2x)(14 − 2x) = 96
x² − 16x + 39 = 0
x = 3  அல்லது  x = 13
```

13 மிகை எண்தான். ஆனால் 14 அடி அகலத் தோட்டத்தில் இரு பக்கமும் 13 அடிப் பாதை எப்படி நுழையும்? 18 − 26 = −8, 14 − 26 = −12; மறுபடியும் இரண்டு குறை எண்கள் பெருகி 96 ஆகியிருக்கின்றன. இங்கே x 7க்குக் குறைவாக இருந்தே ஆக வேண்டும். ஆகவே xஐ மட்டும் பார்த்தால் போதாது, அதை வைத்துக் கிடைக்கும் ஒவ்வொரு நீளத்தையும் பார்க்க வேண்டும்.

12ஆம் நூற்றாண்டில் பாஸ்கரர் ஒரு குரங்குக் கணக்கில் இதையே செய்தார். கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கில் மூன்றைக் கழித்து, அதன் வர்க்கம் அளவுக்குக் குரங்குகள் குகைக்குள் போய்விட்டன. ஒன்று மட்டும் கிளையில் தெரிகிறது. மொத்தம் எத்தனை? 50, 5 என்று இரண்டு மூலங்கள் வரும். 5ஐ அவர் ஏற்கவில்லை. ஐந்தில் ஒரு பங்கு ஒரு குரங்கு. அதில் மூன்றைக் கழித்தால் −2 ஆகிவிடுகிறதே!