காணி இலக்கத்தில் எத்தனை கோடு? ஒவ்வொரு செல்லிலும் டாஷை எண்ணும் முறை

பெரும்போகம் தொடங்கும் முன் மட்டக்களப்பில் எந்தக் கமக்காரர் அமைப்பிலும் ஒரு பட்டியல் எக்செலில் ஓடிக்கொண்டிருக்கும். பெயர், காணி இலக்கம், ஏக்கர், பசளை அளவு. வட்டவிதானை கொப்பியில் எழுதிக் கொடுத்ததை ஒருவர் தட்டச்சு செய்திருப்பார். மிச்சத்தை இன்னொருவர் வேர்டில் அடித்து அனுப்பியிருப்பார். இரண்டையும் ஒட்டிச் சேர்த்த பிறகு, காணி இலக்கம் எல்லாம் ஒரே வடிவில் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? முந்நூறு வரியையும் கண்ணால் பார்த்துத் தீராது. இலக்கத்துக்குள் எத்தனை கோடு என்று எண்ணச் சொன்னால் எக்செல் ஒரு நொடியில் சொல்லிவிடும்.

விளக்கத்துக்காக நானே ஒரு வடிவத்தை வைத்துக்கொள்கிறேன். உன்னிச்சைக் குளத்துக் காணி என்றால் முதலில் UN. அடுத்து இடது கரைக்கு L, வலது கரைக்கு R. பிறகு வாய்க்கால் இலக்கம், கடைசியாகக் காணி இலக்கம். நான்கு பகுதி, நடுவில் மூன்று கோடு. ஆகவே சரியான இலக்கம் எதிலும் மூன்று கோடு இருக்க வேண்டும். B நிரலில் இப்படி ஆறு வரி இருக்கிறது:

```
B2  UN-L-4-17
B3  UN-L-4-18
B4  UN-L4-19
B5  UN–L-4-20
B6  UN-L--4-21
B7  UN-R-2-8-A
```

ஒரு குறிப்பிட்ட எழுத்து செல்லில் எத்தனை தரம் வருகிறது என்று எண்ணுவதற்கென்றே எக்செலில் ஒரு சார்பு கிடையாது. அதனால் சுற்றுவழியில் போகிறோம். முழு எழுத்துகளையும் எண்ணு, கோடுகளை எடுத்துவிட்டு மறுபடி எண்ணு, முதல் எண்ணிக்கையிலிருந்து இரண்டாவதைக் கழி. குறைந்தது எத்தனையோ, அத்தனை கோடு. ஏக்கரும் பசளை அளவும் அழிந்துவிடாமல் இருக்க, B நிரலுக்குப் பக்கத்தில் General வடிவில் நான்கு வெற்று நிரலைச் செருகிக்கொண்டு, C2 செல்லில் இதை அடியுங்கள்:

```
=LEN(B2)-LEN(SUBSTITUTE(B2,"-",""))
```

`LEN` நீளத்தைத் தரும். UN-L-4-17 என்பதில் 9 எழுத்து. `SUBSTITUTE` கோடு உள்ள இடத்திலெல்லாம் ஒன்றுமில்லாததை வைக்கிறது. கடைசியில் உள்ள இரட்டை மேற்கோள் குறிக்குள் இடைவெளி கூட இருக்கக்கூடாது. இடைவெளி விட்டுவிட்டால் ஒரு எழுத்துப் போய் இன்னொரு எழுத்து வந்து நீளம் மாறாமல் நிற்கும், விடை எப்போதும் 0 வரும். கோடு போனபின் UNL417 மிஞ்சும், அது 6 எழுத்து. 9 இலிருந்து 6 போக 3. B நிரலில் உள்ள இலக்கம் அப்படியே இருக்கும். கோட்டை எடுப்பது கணக்குக்கு மட்டும்தான்.

C2 செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சின்னச் சதுரத்தைப் பிடித்து C7 வரை இழுங்கள். கூகுள் ஷீட்ஸிலும் லிப்ரே ஆபிஸிலும் இதே சூத்திரம்தான். சில கணினிகளில் வட்டார அமைப்பின் காரணமாகக் காற்புள்ளியை ஏற்காது. அங்கே காற்புள்ளிக்குப் பதிலாக அரைப்புள்ளி போட வேண்டும்.

வரும் விடைகள் வரிசையாக 3, 3, 2, 2, 4, 4.

D2 செல்லில் மூன்று அல்லாததை மட்டும் காட்டச் சொல்லலாம்:

```
=IF(C2=3,"","பார்")
```

இதையும் கீழே இழுத்து, D நிரலுக்கு வடிகட்டி போட்டு "பார்" என்பதை மட்டும் தெரிவு செய்தால் முந்நூறு வரி ஒரு கைப்பிடியாகச் சுருங்கும். இங்கே அவசரப்பட வேண்டாம். ஒரே எண் வந்ததால் ஒரே பிழை என்று அர்த்தமில்லை. நமது ஆறு வரியிலேயே இரண்டு 2, இரண்டு 4 இருக்கின்றன. நான்குக்கும் காரணம் வேறு வேறு.

B4 இல் உண்மையிலேயே ஒரு கோடு விடுபட்டிருக்கிறது. L உம் 4 உம் ஒட்டிக்கிடக்கின்றன. கொப்பியைப் பார்த்துத் திருத்த வேண்டியதுதான்.

B5 அப்படியில்லை. திரையில் பார்த்தால் மூன்று கோடும் இருக்கும், சூத்திரம் மட்டும் 2 என்று சொல்லும். பலர் இந்த இடத்தில் சூத்திரத்தைச் சந்தேகிப்பார்கள். கூர்ந்து பார்த்தால் UN க்குப் பின் வரும் கோடு மற்றவற்றைவிடச் சற்று நீளம். அது விசைப்பலகையில் நாம் தட்டும் கோடு அல்ல. வேர்டில் ஒரு சொல், இடைவெளி, கோடு, இடைவெளி, இன்னொரு சொல் என்று அடித்தால், அது தானாகவே கோட்டை நீட்டி என் டாஷ் ஆக்கிவிடும். பிறகு யாரோ இடைவெளியை மட்டும் அழித்திருப்பார்கள், நீளக்கோடு நின்றுவிட்டிருக்கும். கணினிக்கு இவை முற்றிலும் வேறு இரண்டு எழுத்துகள். சந்தேகமிருந்தால் அந்த எழுத்தின் எண்ணைக் கேட்கலாம். கோடு மூன்றாவது இடத்தில் இருப்பதால்:

```
=UNICODE(MID(B5,3,1))
```

சாதாரணக் கோடு என்றால் 45 வரும். இங்கே 8211 வரும், அது என் டாஷ். 8212 வந்தால் இன்னும் நீளமான எம் டாஷ். வேர்டில் இரண்டு சொல்லுக்கு நடுவே இடைவெளியில்லாமல் இரண்டு கோட்டை அடுத்தடுத்து அடித்தால் கிடைப்பது அது. `UNICODE` சார்பு எக்செல் 2013 இலிருந்துதான் இருக்கிறது.

கண்ணுக்குச் சரியாகத் தெரியும் ஒன்றுக்கு ஏன் இவ்வளவு பாடு என்று தோன்றலாம். இந்தப் பட்டியலில் `VLOOKUP` போட்டு ஏக்கரை எடுக்கும்போதுதான் அதன் கைவரிசை தெரியும். தேடுபவர் சாதாரணக் கோட்டோடு UN-L-4-20 என்று அடிப்பார், எக்செல் அப்படி ஒன்று இல்லை என்று #N/A காட்டும். பிறகு காணிக்காரர் வந்து நின்று, "தம்பி, என்ட காணி லிஸ்டில இல்லையாமே" என்பார். காணி பட்டியலில் இருக்கும், கோடுதான் வேறு.

இரண்டு நீளக்கோடுகளையும் சாதாரணக் கோடாக மாற்ற E2 இல் இதை அடித்துக் கீழே இழுங்கள்:

```
=SUBSTITUTE(SUBSTITUTE(B2,UNICHAR(8211),"-"),UNICHAR(8212),"-")
```

நீளக்கோட்டை எப்படித் தட்டுவது என்று தேட வேண்டியதில்லை, `UNICHAR` எண்ணிலிருந்து எழுத்தைத் தந்துவிடும். E நிரல் வந்தபின் C2 சூத்திரத்தில் B2 உள்ள இரண்டு இடத்தையும் E2 என்று மாற்றி மீண்டும் இழுங்கள். B5 க்கான விடை 3 ஆகிவிடும், B4 மட்டும் 2 ஆகவே நிற்கும். இப்போதுதான் எது உண்மையில் விடுபட்டது, எது வேடம் போட்டது என்று பிரிகிறது. திருத்திய E நிரலை நகலெடுத்து, B நிரலில் மதிப்புகளாக மட்டும் ஒட்டிவிடலாம். தேடி மாற்றும் Ctrl+H ஐ விட இந்த வழி எனக்குப் பிடிக்கும். பழைய நிரலையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பின்தான் எதையும் அழிக்கிறோம்.

இனி அந்த இரண்டு 4. B6 இல் கோடு இரண்டு தரம் தட்டுப்பட்டிருக்கிறது. B7 இல் பிழையே இல்லை. எட்டாம் இலக்கக் காணியைப் பிரித்து ஒரு பங்கை மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்திருந்தால், அந்தத் துண்டுக்கு A என்று ஒரு பகுதி கூடும், அதோடு ஒரு கோடும் கூடும். இந்த இரண்டையும் பிரிக்க, இரட்டைக் கோட்டைத் தனியாக எண்ணலாம். சூத்திரம் பழையதுதான், கடைசியில் ஒரு வகுத்தல் மட்டும் சேர்கிறது. F2 இல் அடித்துக் கீழே இழுங்கள்:

```
=(LEN(E2)-LEN(SUBSTITUTE(E2,"--","")))/LEN("--")
```

ஒரு இரட்டைக் கோட்டை எடுத்தால் நீளம் இரண்டு குறையும். அதனால்தான் 2 ஆல் வகுக்கிறோம். வகுக்காமல் விட்டால் ஒன்றுக்கு இரண்டு என்று காட்டும். B6 இன் வரியில் 1 வரும், B7 இன் வரியில் 0. பூச்சியம் வந்த 4 களை வட்டவிதானையிடம் ஒருமுறை கேட்டுவிட்டு அப்படியே விடலாம்.

கோட்டுக்குப் பதிலாக வேறு எழுத்தை எண்ணவும் இதுவே போதும், மேற்கோள் குறிக்குள் அந்த எழுத்தை வைத்தால் சரி. `SUBSTITUTE` பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் வேறாகவே பார்க்கும். "L" என்று கொடுத்தால் "l" கணக்கில் வராது. தமிழெழுத்துக்கு இன்னொரு வில்லங்கம் உண்டு. "காணி" என்ற சொல்லின் நீளம் நமக்கு இரண்டு, `LEN` க்கு நான்கு. ககரமும் அதன் காலும் கணினியில் தனித்தனியாகக் கிடக்கின்றன. ஆகவே "க" வை எண்ணச் சொன்னால் கா, கி, க் எல்லாவற்றிலும் உள்ள ககரத்தையும் சேர்த்தே எண்ணும். "கி" யை மட்டும் எண்ணுவதென்றால் இரட்டைக் கோட்டுக்குச் செய்ததுபோல `LEN("கி")` ஆல் வகுக்க வேண்டும்.

கடைசியாக, கோடு கண்முன்னே இருந்தும் விடை 0 என்று வரும் ஒரு வகை. சிலர் UN-L ஐ விட்டுவிட்டு வாய்க்கால், காணி இரண்டையும் மட்டும் 4-7 என்று அடிப்பார்கள். எக்செல் அதைத் திகதி என்று எடுத்துக்கொண்டு, கணினியின் வட்டார அமைப்பைப் பொறுத்து 4-Jul என்றோ 7-Apr என்றோ காட்டும். செல்லுக்குள் கிடப்பது ஒரு எண். 2024 ஏப்ரல் 7 என்றால் 45389. அதில் கோடே இல்லை, ஆகவே 0 சரியான விடைதான். அடையாளம் எளிது: எழுத்தாக உள்ள இலக்கங்கள் செல்லின் இடது பக்கம் ஒட்டி நிற்கும், திகதியாக மாறியது வலது பக்கம் போய் நிற்கும். மாறிய பின் செல்லை Text என்று மாற்றினால் 4-7 திரும்பி வராது, 45389 போன்ற எண்தான் தெரியும். தட்டச்சு தொடங்கும் முன்பே முழு B நிரலையும் தெரிவு செய்து, Ctrl+1 அழுத்தி, Number தாவலில் Text என்பதைத் தெரிவு செய்துவிடுங்கள். ஏற்கெனவே மாறியவற்றைக் கொப்பியைப் பார்த்து மறுபடி அடிக்க வேண்டும். 4-Jul என்று நிற்பது நாலாம் வாய்க்கால் ஏழாம் காணியா, ஏழாம் வாய்க்கால் நாலாம் காணியா என்பதைக் கொப்பிதான் சொல்லும்.